அல்ட்ராவைட் திரையில் இழுபடும் படம், வெட்டுப்படும் கட்சீன், உடையும் மெனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டர் வாங்கிய நண்பர்கள் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். விளையாட்டின் பெயர் மட்டும் மாறுகிறது. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். வேறு அளவு குறிப்பிடாத இடங்களில் கணக்குகள் 3440×1440 திரைக்கானவை.

பெட்டியில 21:9னு போட்டிருக்கு. கணக்குப் போட்டா அப்படி வரலையே?

வராது. 21:9 என்பது கடையில் சொல்வதற்கு வசதியான பெயர். 2560×1080 திரையின் உண்மையான விகிதம் 64:27, அதாவது 2.370. 3440×1440 திரையின் விகிதம் 43:18, அதாவது 2.389. 3840×1600 என்றால் சரியாக 2.4. சாதாரண மானிட்டரின் 16:9 என்பது 1.778. அன்றாடப் பயன்பாட்டில் இந்தச் சிறு வேறுபாடுகளைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. கதை சொல்லும் இடைக்காட்சிகளான கட்சீன்களில் வரும் கறுப்புப் பட்டைகளை நீக்குவது பற்றிய கேள்வி வரும்போது மட்டும் இவை தேவைப்படும்.

படம் திரை முழுக்க வருது, ஆனா எல்லாரும் குண்டா தெரியறாங்க. கிராஃபிக்ஸ் கார்டு பிரச்சினையா?

கார்டில் பழுது ஏதும் இல்லை. விளையாட்டு 2560×1440 அளவில் ஒரு படத்தைத் தயாரித்து அனுப்பியிருக்கிறது. வழியில் யாரோ அதை 3440 புள்ளி அகலத்துக்கு இழுத்திருக்கிறார்கள். உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் 1.34 மடங்காகிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் திரையில் வட்டமாக இருக்க வேண்டிய ஒன்றைத் தேடிப் பிடித்து அடிக்கோலால் அளந்து பாருங்கள். சிறு வரைபடத்தின் வட்டம், நேர் பக்கத்திலிருந்து தெரியும் வண்டிச் சக்கரம் எதுவானாலும் போதும். 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு 4 சென்டிமீட்டர் அகலம் வந்தால் காரணம் இதுவேதான்.

இழுக்கும் இடங்கள் மூன்று: விளையாட்டு, கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர். இந்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் விளையாட்டின் அமைப்பில் 3440×1440 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்தது. இல்லையென்றால், என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் NVIDIA Control Panel திறந்து Adjust desktop size and position பக்கத்தில் Aspect ratio என்பதைத் தேர்ந்து, Perform scaling on என்ற இடத்தில் GPU என வைக்க வேண்டும். ஏஎம்டி கார்டில் GPU Scaling வசதியை இயக்கி, Scaling Mode என்பதில் Preserve aspect ratio வைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மானிட்டரின் பொத்தான் மெனுவில் பட அளவு Full அல்லது Wide என்று இருக்கக்கூடும். அதை விகிதம் காக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

சரி பண்ணிட்டேன். இப்ப ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை வருது. இதுக்கா இவ்வளவு காசு குடுத்து வாங்கினேன்?

விளையாட்டு 16:9 படத்தை மட்டுமே தருகிறது என்றால், அதை நேர்மையாகக் காட்டும் வழி இதுதான். 3440 புள்ளிகளில் 2560 போக மீதி 880. பக்கத்துக்கு 440 புள்ளி கறுப்பாக நிற்கும். அந்த இடத்தை நிரப்ப வேண்டுமானால் படத்தை இழுக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும், அல்லது விளையாட்டே பக்கவாட்டில் கூடுதல் காட்சியை வரைந்து தர வேண்டும். நாம் விரும்புவது மூன்றாவதை. அது விளையாட்டின் உள்ளே நடக்க வேண்டிய வேலை. கார்டிலும் மானிட்டரிலும் எதை மாற்றினாலும் நடக்காது.

பிஎஸ்5 மாட்டினாலும் இதே பட்டைதான் வருது. எங்க செட்டிங் இருக்கு?

எங்கும் இல்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுமே அகலத் திரைக்கான படத்தை வெளியிடுவதில்லை. மானிட்டரை விகிதம் காக்கும் நிலையில் வைத்துவிட்டு, பட்டையோடு விளையாடுவதுதான் வழி.

படம் இழுபடலை, பட்டையும் இல்லை. ஆனா பழைய மானிட்டர்ல தெரிஞ்ச தரையும் கூரையும் காணோம், எல்லாம் கிட்டக்க வந்த மாதிரி இருக்கு. இது என்ன?

இந்தத் தொகுப்பில் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி இது. முப்பரிமாண விளையாட்டில் ஒரு கற்பனைக் கேமரா இருக்கிறது. அது எவ்வளவு விரிந்து பார்க்கிறது என்பதை ஒரு கோணத்தால் குறிப்பார்கள். திரையின் வடிவம் மாறும்போது அகலக் கோணம், உயரக் கோணம் இரண்டையும் மாறாமல் வைத்திருக்க முடியாது. ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொண்டு மற்றதை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும். எதைப் பிடித்துக்கொள்வது என்பதை விளையாட்டை எழுதியவர் முடிவு செய்கிறார். பல நேரம் அவர் முடிவு செய்வதே இல்லை. விளையாட்டுக்கு அடித்தளமான எஞ்சின் மென்பொருளில் முதலிலிருந்தே இருந்த அமைப்பு அப்படியே தங்கிவிடுகிறது.

எண்களில் பார்க்கலாம். 16:9 திரையில் அகலக் கோணம் 90 பாகை என்றால், உயரக் கோணம் 58.7 பாகை. உயரத்தைப் பிடித்துக்கொள்ளும் விளையாட்டு, நம் திரையில் 58.7 பாகையை அப்படியே விட்டு, அகலத்தை 106.7 பாகையாக விரிக்கிறது. இருபுறமும் புதிதாகக் காட்சி கிடைக்கிறது. இதை ஹார் பிளஸ் என்பார்கள். அகலத்தைப் பிடித்துக்கொள்ளும் விளையாட்டு 90 பாகையை அப்படியே விட்டு, உயரத்தை 45.4 பாகையாகக் குறுக்கிவிடுகிறது. இதன் பெயர் வெர்ட் மைனஸ். நீங்கள் காண்பது இந்த இரண்டாவது வகை. பெரிய திரை வாங்கியும் முன்பைவிடக் குறைவாகப் பார்க்கிறீர்கள் என்பதே இதில் எரிச்சல் தரும் விஷயம்.

உறுதி செய்வது எளிது. விளையாட்டில் ஓர் அறைக்குள் நின்று, அசையாமல், 2560×1440 அளவில் ஒரு ஸ்கிரீன்ஷாட், 3440×1440 அளவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டாவதில் பக்கவாட்டுச் சுவர் கூடுதலாகத் தெரிந்தால் நல்லது. சுவர் அதே இடத்தில் நின்று, கூரை விளக்கு மட்டும் காணாமல் போயிருந்தால் வெர்ட் மைனஸ்.

அதைச் சரி பண்ண முடியுமா?

பார்வைக் கோணத்துக்கு ஸ்லைடர் இருந்தால், முந்தைய பதிலின் கணக்குப்படி 90 என்பதை 107 ஆக உயர்த்துங்கள். பழைய உயரம் திரும்பிவிடும். ஸ்லைடர் இல்லாமல், விளையாட்டு அன்ரியல் எஞ்சினில் செய்யப்பட்டிருந்தால், இன்னொரு வழி உண்டு. அந்த எஞ்சினின் இயல்பான அமைப்பு அகலத்தைப் பிடித்துக்கொள்வது. அதனால்தான் வெர்ட் மைனஸ் புகார்களில் அன்ரியல் விளையாட்டுகள் அதிகம். `%LOCALAPPDATA%` என்று தேடல் பெட்டியில் அடித்து, உள்ளே விளையாட்டின் கோப்புறையைக் கண்டுபிடியுங்கள். கடையில் உள்ள பெயருக்குப் பதில் தயாரிப்பாளர்களின் உள்பெயர் இருக்கலாம். அதில் `Saved\Config\WindowsNoEditor` என்ற இடத்தில், ஐந்தாம் தலைமுறை எஞ்சின் என்றால் `Saved\Config\Windows` என்ற இடத்தில், `Engine.ini` இருக்கும். அதன் கடைசியில் இந்த இரண்டு வரிகளைச் சேருங்கள்:

```
[/Script/Engine.LocalPlayer]
AspectRatioAxisConstraint=AspectRatio_MaintainYFOV
```

விளையாட்டைத் திறந்து, அதே அறையில் ஸ்கிரீன்ஷாட் சோதனையை மறுபடி செய்யுங்கள். சில விளையாட்டுகள் திறக்கும்போது இந்தக் கோப்பைத் திருப்பி எழுதி, நம் வரிகளை அழித்துவிடும். அப்படியானால் கோப்பின் Properties பகுதியில் Read-only குறியிட்டுப் பாருங்கள். கேமராவை விளையாட்டின் நிரலே நேரடியாகக் கட்டுப்படுத்தினால் இந்த வரிகள் எடுபடாது.

அந்த வரியைப் போட்டதும் மீன் தொட்டிக்குள்ளேருந்து பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு. என்ன தப்பு பண்ணினேன்?

தவறு உங்களுடையதன்று. பழைய நான்காம் தலைமுறை எஞ்சின் இந்த வரியைப் படித்ததும், அதுவரை அகலக் கோணமாக இருந்த 90 என்ற எண்ணையே உயரக் கோணமாக எடுத்துக்கொள்கிறது. உயரம் 90 பாகை என்றால் நம் திரையில் அகலம் 134.6 பாகை. ஸ்லைடர் இருந்தால் 59க்கு இறக்க வேண்டும். பல ஸ்லைடர்கள் அவ்வளவு கீழே இறங்காது. இறங்காவிட்டால் அந்த வரிகளை நீக்கிவிட்டு, அந்த விளையாட்டை மாற்றியமைக்கும் மோட் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பிசி கேமிங் விக்கியில் பாருங்கள்.

நடுவில எல்லாம் சரியா இருக்கு, ஓரத்துல மட்டும் மரமும் ஆளும் இழுத்த மாதிரி தெரியுது. ரெண்டாவது கேள்வியில சொன்ன அதே பிரச்சினையா?

அல்ல. அங்கே திரை முழுவதும் ஒரே அளவில், 1.34 மடங்கு, இழுபட்டது. இங்கே நடுவில் வட்டம் வட்டமாகவே இருக்கிறது. ஓரம் போகப் போக நீள்கிறது. உருண்டையான பார்வை வெளியைத் தட்டைத் திரையில் விரிப்பதால் வரும் விளைவு இது; பெரும்பாலான விளையாட்டுகள் இதிலிருந்து தப்புவதில்லை. அகலக் கோணம் 90 பாகை என்றால், திரையின் கடைசி ஓரத்தில் ஒரு பொருள் நடுவில் இருப்பதைப்போல் 2 மடங்கு அகலவாக்கில் நீள்கிறது. 106.7 பாகையில் அது 2.8 மடங்கு. 5120×1440 போன்ற 32:9 திரையில், அதே உயரக் கோணத்துக்கு அகலம் 126.9 பாகையாகி, ஓரத்தில் 5 மடங்கு ஆகிவிடுகிறது.

ஆகவே 32:9 வைத்திருப்பவர்கள் முழு ஹார் பிளஸ் கோணத்தை அடைந்தே தீர வேண்டும் என்று நிற்பதில் பொருளில்லை. கோணத்தைச் சற்றுக் குறைத்து, மேலும் கீழும் கொஞ்சம் இழப்பதை ஏற்றுக்கொண்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும். 21:9 திரையில் நான் ஒன்றும் செய்வதில்லை. ஓரத்தைப் பார்த்துக்கொண்டா விளையாடுகிறோம்?

விளையாட்டு நல்லா ஓடுது, ஆனா ஆப்ஷன்ஸ் மெனுவில கீழே இருக்கிற Apply பட்டன் திரைக்கு வெளியே போயிடுச்சு. எப்படி சேவ் பண்றது?

யூனிட்டி எஞ்சினில் செய்த ஒரு சிறு விளையாட்டில் இதே பொறியில் நானும் சிக்கினேன். ரெசல்யூஷனை மாற்றினால்தான் Apply தெரியும். Apply அழுத்தினால்தான் ரெசல்யூஷன் மாறும். யூனிட்டி, அன்ரியலுக்கு நேர் எதிர். அதன் கேமரா இயல்பாகவே உயரக் கோணத்தைப் பிடித்துக்கொள்வதால் காட்சி தானாக ஹார் பிளஸ் ஆகிவிடுகிறது. ஆனால் மெனுவைத் திரைக்கேற்ப அளவிடும் பகுதியில், திரையோடு சேர்ந்து வளரும் முறையைத் தேர்ந்தெடுத்தால், இயல்பாக அகலமே அளவுகோலாகிறது.

மெனுவை 1920×1080 தாளில் வரைந்ததாக வைத்துக்கொள்வோம். 3440 அகலத்துக்கு அது 1.79 மடங்கு பெரிதாகிறது. ஆனால் 1440 உயரத்தை 1.79ஆல் வகுத்தால் 804 அலகுகளுக்குத்தான் இடம் இருக்கிறது. 1000 அலகு உயரமுள்ள மெனுப் பலகை திரையின் நடுவில் நின்றால், மேலே 98, கீழே 98 அலகுகள் வெளியே போய்விடும். பலகையின் அடியில் 60 அலகு உயரத்தில் இருக்கும் பொத்தான் முழுவதுமாக மறைந்துவிடும். திருத்தம் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது: அளவுகோலை அகலத்திலிருந்து உயரத்துக்கு மாற்றினால் போதும். அவர்களுக்குப் புகார் எழுதும்போது, மெனு உடைகிறது என்று மட்டும் எழுதாமல், Canvas Scaler பகுதியில் Match மதிப்பு 0இல் இருப்பதாகத் தோன்றுகிறது, 1 ஆக்கிப் பாருங்கள் என்று எழுதினால் சட்டென்று பிடிபடும்.

அதுவரை, ஸ்டீமில் விளையாட்டின் Launch Options பெட்டியில் இதை இடுங்கள்:

```
-screen-width 1920 -screen-height 1080 -screen-fullscreen 0
```

விளையாட்டு 16:9 சன்னலில் திறக்கும், Apply தெரியும். வேண்டியதை மாற்றிச் சேமித்துவிட்டு, இந்த வரியை நீக்கிவிடலாம். சில மெனுக்களில் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாத பொத்தானுக்கும் போய்ச் சேரலாம். நான் தப்பித்தது அப்படித்தான்.

மெனு முழுசா தெரியுது, ஆனா மவுஸ் ஒரு இடத்துல இருக்கு, கிளிக் வேற இடத்துல விழுது.

இரண்டு வெவ்வேறு காரணங்கள் இப்படித் தோன்றும். பிழை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பிரித்துவிடலாம். திரையின் நடுவில் உள்ள பொத்தான் சரியாக அழுந்தி, இடமும் வலமும் போகப் போகத் தவறினால், விகிதம்தான் காரணம். மெனுவை நடுவில் உள்ள 2560 புள்ளிகளுக்குள் வரைந்துவிட்டு, மவுஸை 3440 புள்ளிகளுக்குக் கணக்கிடுகிறது விளையாட்டு. அப்போது 1080ஆம் புள்ளியில் தெரியும் பொத்தானை அழுத்த 860ஆம் புள்ளியில் கிளிக் செய்ய வேண்டும். இடது ஓரப் பொத்தானுக்கோ 440 புள்ளி தள்ளிப் போக வேண்டும். விளையாடும் நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் டெஸ்க்டாப்பையே 2560×1440 ஆக்கிவிடுவது இதற்கு உறுதியான வழி.

இடது மேல் மூலையில் சரியாக இருந்து, வலப்புறமும் கீழ்ப்புறமும் போகப் போகத் தவறினால், காரணம் விண்டோஸின் 125% அல்லது 150% எழுத்துப் பெருக்கம். விளையாட்டின் exe கோப்பின் Properties பகுதியில் Compatibility, பிறகு Change high DPI settings திறந்து, Override high DPI scaling behavior என்பதில் Application வைத்தால் சரியாகிவிடும். இதற்கும் அகலத் திரைக்கும் தொடர்பில்லை.

விளையாடும்போது முழுத்திரை, கட்சீன் வந்ததும் பட்டை வந்துடுது. ஏன் ரெண்டுக்கும் ஒரே மாதிரி வைக்கலை?

கட்சீன் இரண்டு வகை. ஒன்று முன்பே பதிவு செய்த வீடியோ. மற்றொன்று விளையாட்டே அந்த நேரத்தில் வரைவது. நீங்கள் கதாபாத்திரத்துக்குப் போட்ட சட்டை கட்சீனிலும் வந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது வகை. நிறுவிய கோப்புறையில் bk2, webm, mp4 என்று முடியும் பெரிய கோப்புகள் குவிந்திருந்தால் வீடியோவும் இருக்கிறது என்று அறியலாம்.

வீடியோ 16:9 இல் பதிவாகியிருந்தால் பக்கத்தில் காட்டுவதற்கு அதில் எதுவுமே இல்லை. அதை நம் திரை அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 1935 புள்ளியாகும். 1440 தான் தெரியும். நூற்றுக்கு 26 பங்கு படம் வெட்டுப்படும். சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்தே பதித்திருந்தால் முதலில் போவது அதுதான். ஆகவே வீடியோவுக்குப் பட்டையை விட்டுவிடுங்கள். நேரடியாக வரையும் கட்சீனில் பட்டை வருவது வேறு காரணத்தால்: அன்ரியலில் கட்சீனுக்குப் பயன்படுத்தும் சினிமாக் கேமரா, தன் படச்சட்ட விகிதத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கும்படி தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. விளையாடும்போது இயங்கும் கேமராவுக்கு அந்தக் கட்டு பொதுவாக இருப்பதில்லை.

அந்த ரெண்டாவது வகைப் பட்டையை எடுக்க ஹெக்ஸ் எடிட் பண்ணச் சொல்றாங்களே, அது என்ன?

1.778 என்ற விகிதம் exe கோப்புக்குள் நான்கு பைட்டுகளாக இருக்கும்: `39 8E E3 3F`. கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் தேடி, 3440×1440 திரைக்கு `8E E3 18 40` என்றும், 2560×1080 திரைக்கு `26 B4 17 40` என்றும், 32:9 திரைக்கு `39 8E 63 40` என்றும் மாற்றுவதே அந்த வேலை. முதல் கேள்வியில் சொன்ன சிறு வேறுபாடு இங்கேதான் கண்ணில் படும். 3440×1440 திரையில் 2560×1080க்கான எண்ணை இட்டால், ஓரத்துக்கு 13 புள்ளி அளவில் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சி நிற்கும்.

மூலக் கோப்பை முதலில் நகலெடுத்து வையுங்கள். அதே நான்கு பைட்டுகள் பல இடங்களில் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். விளையாட்டுக்குப் புதுப்பிப்பு வந்து exe மாறினால் மறுபடி செய்ய வேண்டும். இணையத்தில் பிறரோடு ஆடும் விளையாட்டில் இதைச் செய்யவே கூடாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் மாற்றிய exe கோப்பைக் கண்டால் கணக்கே முடக்கப்படலாம். எல்டன் ரிங் 16:9க்கு மேல் காட்டுவதில்லை. அதற்கான மோட்களைப் பயன்படுத்துபவர்கள் ஈஸி ஆன்டி சீட் என்ற அதன் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிட்டு, இணையமின்றித் தனியாக ஆடுகிறார்கள். வாலரண்ட் போன்ற போட்டி விளையாட்டில் அகலத் திரைக்காரருக்குக் கூடுதல் காட்சி தராதது வேண்டுமென்றே எடுத்த முடிவு. அதைத் திருத்த முயல வேண்டாம்.

பட்டை போயிடுச்சு, ஆனா கட்சீன்ல ஓரத்துல ஒரு ஆள் கையை விரிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறான்!

அவர் தன் முறை வருவதற்காகக் காத்திருக்கிறார். கட்சீனை அமைத்தவர் 16:9 சட்டத்துக்குள் தெரிவதை மட்டுமே அசைய வைக்கிறார்; சட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் அசைவு தொடங்காத நிலையில், கையை இருபுறமும் நீட்டியபடி நிறுத்தப்பட்டிருப்பார்கள். மேடையின் பக்கத் திரையை நாம்தான் விலக்கிவிட்டோம். சில விளையாட்டுகளில் ஓரத்திலுள்ள பொருள்கள் திடீரென்று தோன்றி மறையும். பார்வைக்கு வெளியே உள்ளவற்றை வரையாமல் விடும் கணக்கு இன்னும் 16:9 அளவிலேயே நடப்பதன் அடையாளம் அது. கதை முக்கியமான விளையாட்டில் கட்சீன் பட்டையை நான் நீக்குவதில்லை.

ஸ்டீம் டெக்ல தலைகீழா இருக்கு. உங்க நல்ல ஹார் பிளஸ் கேம்லதான் பக்கம் வெட்டுது!

ஸ்டீம் டெக்கின் திரை 1280×800, அதாவது 16:10, 16:9ஐவிடக் குறுகலானது. உயரத்தைப் பிடித்துக்கொள்ளும் விளையாட்டு, திரை அகலமானால் பக்கத்தில் சேர்ப்பதைப்போலவே, குறுகினால் பக்கத்தில் வெட்டுகிறது. முன்பு பார்த்த 58.7 பாகை உயரத்துக்கு இங்கே அகலம் 84 பாகைதான். மாறாக, அகலத் திரையில் நம்மை வதைத்த அன்ரியலின் இயல்பு அமைப்பு, இங்கே 90 பாகை அகலத்தை அப்படியே வைத்து, மேலும் கீழும் கூடுதலாகக் காட்டுகிறது. ஆகவே அல்ட்ராவைட் கணினியில் சேர்த்த அந்த இரண்டு `Engine.ini` வரிகளை டெக்கில் சேர்க்காதீர்கள். பக்கம் வெட்டுவது பொறுக்க முடியாவிட்டால் விளையாட்டில் 1280×720 வையுங்கள். மேலும் கீழும் 40 புள்ளிக் கறுப்பு வரும், காட்சி முழுதாக இருக்கும்.